ஸ்கிரீன்ஷாட் எதுவரை தாங்கும், ரசீதை எப்போது டவுன்லோடு செய்ய வேண்டும்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின், அவ்வளவுதான். ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் ஆதாரையும் ரேஷன் கார்டையும் நகல் எடுக்க வந்தவர்கள், இப்போது போனை நீட்டி "தம்பி, இந்த ஸ்கிரீன்ஷாட்டை ஒரு பிரிண்ட் போட்டுக் கொடு" என்கிறார்கள். கேட்டால் போட்டுக் கொடுப்பேன், காசு வாங்குவேன். ஆனால் அதை எங்கே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுவேன். ஏனென்றால் பாதிப் பேர் அதே வேலைக்காக மறுநாள் திரும்பி வருவார்கள்.

பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்கிறது: இந்த நேரத்தில், உங்கள் கணக்கிலிருந்து, இந்தப் பெயருக்கு, இவ்வளவு பணம் போனது. போன பணம் எதற்காக, எந்த எண்ணில் வரவு வைக்கப்பட்டது என்பதை வாங்கியவர்தான் சொல்ல முடியும். அவர் தருவதுதான் ரசீது. அனுப்பியதும் வரவு வைத்ததும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு, படத்தை மட்டும் வைத்திருப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பயிர்க் காப்பீட்டில் நடந்தது

டெல்டாவில் இதற்கு நல்ல உதாரணம் சம்பா பயிர்க் காப்பீடு. வழக்கமாக நவம்பர் 15 கடைசித் தேதி என்பார்கள், பல வருடங்களில் நீட்டித்தும் இருக்கிறார்கள். அந்தக் கடைசி நாட்களில் பொதுச் சேவை மையத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் நிற்க இடம் இருக்காது. சிட்டா, அடங்கல், பாஸ்புக், ஆதார் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, மையத்து ஆளின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் அனுப்பிவிட்டு வந்துவிடுவார்கள். கையில் மிஞ்சுவது பச்சை டிக் போட்ட ஸ்கிரீன்ஷாட் ஒன்றுதான்.

என் சித்தப்பாவும் அப்படித்தான் வந்தார். அவருக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். அந்த வருடம் பிரீமியம் ஏக்கருக்கு ஏறக்குறைய 550 ரூபாய். பிரீமியம், நகல் செலவு எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் அனுப்பியிருந்தார். அடுத்த வருடம் ஊரில் பக்கத்து வயல்காரர்களுக்கு இழப்பீடு ஏறியது. இவருக்கும் வந்தது, ஆனால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக. ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

அதில் என்ன இருந்தது? மையத்துக்காரரின் சொந்தப் பெயர், 1,800 ரூபாய், தேதி, பன்னிரண்டு இலக்க எண். சர்வே எண் இல்லை, வருவாய்க் கிராமத்தின் பெயர் இல்லை, பரப்பு இல்லை, விண்ணப்ப எண் இல்லை. காப்பீட்டு நிறுவனத்தின் பெயர்கூட இல்லை. 1,800 என்ற தொகையும் பிரீமியத்தோடு ஒத்துப்போகவில்லை. அதை வைத்துக்கொண்டு வேளாண்மை அலுவலகத்தில் என்ன கேட்பது? ஒருவருக்கொருவர் பணம் அனுப்பியதற்கான சாட்சி அது, காப்பீட்டுக்கான சாட்சி அல்ல.

மையத்துக்கே போய், அவர்கள் லாகினிலிருந்து ரசீதை மறுபடி எடுத்துப் பார்த்தோம். பரப்பு 0.81 ஹெக்டேர் என்று இருந்தது. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். மூன்று ஏக்கர் என்றால் 1.21 ஹெக்டேர் வர வேண்டும். 0.81 என்பது இரண்டு ஏக்கர்தான். மூன்று உட்பிரிவுகளில் ஒன்று விட்டுப்போயிருந்தது. அவசரத்தில் ஒரு வரி தட்டச்சு செய்யாமல் போனது, அவ்வளவுதான் தவறு. மையத்துக்காரர் மீது கோபப்பட்டு என்ன பயன்? பதிவு செய்யும் காலம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஆகவே காப்பீட்டுக்குப் பணம் கட்டும்போது செய்ய வேண்டியது இதுதான். கவுண்டரை விட்டு நகரும் முன் ரசீதின் பிடிஎஃப்பை உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கேயே நின்று நான்கு இடங்களைப் பாருங்கள். முதலாவது, சர்வே எண்களும் உட்பிரிவுகளும் சிட்டாவில் இருப்பதுபோல் எல்லாமே இருக்கின்றனவா. இரண்டாவது, ஹெக்டேர் கணக்கு, 2.47ஆல் பெருக்கிப் பாருங்கள். மூன்றாவது, வருவாய்க் கிராமம். இழப்பீடு கிராமத்தின் மகசூலை வைத்துத்தான் கணக்காகிறது என்பதால், பக்கத்துக் கிராமத்தின் பெயர் விழுந்திருந்தால் கணக்கே மாறிவிடும். நான்காவது, வங்கிக் கணக்கு எண்ணும் மொபைல் எண்ணும். மொபைல் எண் கேட்கும் இடத்தில் சில மையங்களில் வேலை வேகமாக முடிய வேண்டும் என்று அவர்கள் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். அப்புறம் வரும் எஸ்எம்எஸ் எதுவும் உங்களுக்கு வராது.

இரண்டு மாதம் கழித்து pmfby.gov.in தளத்தில் `Application Status` என்ற பகுதியில் ரசீது எண்ணைப் போட்டு இன்னொரு தடவை பாருங்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டதா, ஏதாவது கேட்டுத் திருப்பி அனுப்பினார்களா என்பது அங்கேதான் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டில் பச்சை டிக் என்றைக்கும் பச்சையாகவேதான் இருக்கும்.

ரயில் டிக்கெட்: இரண்டு வகை, இரண்டு விதி

ரயிலில் முதலில் முன்பதிவு இல்லாத டிக்கெட். தஞ்சாவூருக்கோ மயிலாடுதுறைக்கோ பாசஞ்சரில் போகிறவர்கள் முன்பு யுடிஎஸ் ஆப்பில் எடுத்தார்கள், இப்போது ரயில்ஒன் ஆப்பில் எடுக்கிறார்கள். காகிதம் இல்லாத அந்த டிக்கெட்டை, எடுத்த போனிலேயே, ஆப்புக்குள் `Show Ticket` என்ற பக்கத்தைத் திறந்துதான் காட்ட வேண்டும். அதன் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. கணவர் வீட்டில் இருந்து எடுத்து மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் படமும் செல்லாது. பரிசோதகர் ஏற்காவிட்டால் டிக்கெட் இல்லாத பயணம் என்று கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். நெட்வொர்க் கிடைக்காதே என்று பயந்துதான் பலர் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார்கள். எடுத்த டிக்கெட்டைக் காட்ட இணையம் தேவையில்லை, ஆப் திறந்தால் போதும். போனில் சார்ஜ் இருக்கிறதா என்பதுதான் உண்மையான கவலை.

முன்பதிவு செய்த இ-டிக்கெட் வேறு. அங்கே ஐஆர்சிடிசி எஸ்எம்எஸ்ஸோ போனில் இருக்கும் டிக்கெட்டோ, அதோடு பயணிகளில் ஒருவரின் அசல் அடையாள அட்டையும் இருந்தால் பயணம் செய்யலாம். ஸ்கிரீன்ஷாட்டும் பரிசோதகரிடம் பிஎன்ஆர் எண்ணைக் காட்டப் பயன்படும். ஆனால் அது எடுத்த நேரத்து நிலைமையைத்தான் காட்டும். பொங்கலுக்கு எழும்பூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் ஊருக்கு வருகிறீர்கள் என்று வையுங்கள். டிக்கெட் போட்ட அன்று `WL 14`. அந்தப் படம் கேலரியில் கிடக்கிறது. பயணிகள் பட்டியல் தயாரானதும் இருக்கை உறுதியானால் பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் புதிதாக வரும், அது உங்கள் படத்தில் இருக்காது. உறுதியாகாமல் எல்லாப் பயணிகளும் காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றால், டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். படம் மட்டும் டிக்கெட் மாதிரியே இருக்கும். அதை நம்பி ஏறினால் டிக்கெட் இல்லாமல் ஏறியதாகத்தான் கணக்கு. அதனால் பட்டியல் வந்த பிறகு பிஎன்ஆர் நிலையைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் புதிதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, பழையதை அழித்துவிடுங்கள். ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் இருந்தால் பதற்றத்தில் பழையதைத்தான் கை தொடும்.

ஆபீஸில் பயணப்படி கேட்பவர்களுக்கு ஸ்கிரீன்ஷாட் போதாது. மின்னஞ்சலில் வரும் முன்பதிவுச் சீட்டின் பிடிஎஃப்பைச் சேமியுங்கள். அதில் கட்டணம் பிரித்துப் போட்டிருக்கும்.

கரண்ட் பில், வீட்டு வரி

கரண்ட் பில்லுக்கு ஸ்கிரீன்ஷாட் போதுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சொந்த வீடு என்றால் அடுத்த பில் வரும்வரை போதும். அடுத்த கணக்கீட்டில் பழைய பாக்கி இல்லை என்று தெரிந்துவிட்டால் அந்தப் படத்துக்கு வேலை இல்லை. ஆனால் ஆப்பில் கட்டும்போது ஒரு எண் தவறினால் பக்கத்து வீட்டுக்காரர் பில்லைக் கட்டிவிடுவோம். ஒரே தெருவில் மின் இணைப்பு எண்கள் கடைசி ஒன்றிரண்டு இலக்கத்தில்தான் மாறும். அதனால் பணம் போடும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். கட்டிய மறுநாள் மின்பகிர்மானக் கழகத்தின் தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பாக்கி இல்லை என்று வருகிறதா என்று பாருங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் அந்தத் தளத்திலிருந்தே ரசீதை ஒவ்வொரு முறையும் டவுன்லோடு செய்துகொள்வது நல்லது. காலி செய்யும்போது முன்பணத்தில் கழிப்பேன் என்று வீட்டுக்காரர் நின்றால், அவர் பெயரும் இணைப்பு எண்ணும் உள்ள ரசீதுதான் பேசும்.

வீட்டு வரி, சொத்து வரி, தண்ணீர் வரி ரசீதுகளில் யோசனையே வேண்டாம். பெயர் மாற்றம், புது மின் இணைப்பு என்று எதற்குப் போனாலும் கேட்பார்கள். அவர்கள் பார்க்கும் வரிவிதிப்பு எண் உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் பெரும்பாலும் இருக்காது. கட்டிய அன்றே அந்தந்தத் தளத்திலிருந்து பிடிஎஃப் எடுத்துவிடுங்கள்.

மொத்தத்தில் நான் பார்க்கும் கணக்கு இப்படி: சில நாட்களில் முடிந்துவிடும் விவகாரம், அதுவும் எதிரில் நிற்பவர் பார்த்துவிட்டு விடப்போவது என்றால் ஸ்கிரீன்ஷாட். ஆறு மாதம் கழித்து ஒரு மேஜைக்கு முன்னால் நின்று காட்ட வேண்டியது என்றால் ரசீது. கல்லூரிக் கட்டணம், ஆயுள் காப்பீட்டு பிரீமியம், ஆஸ்பத்திரி பில் எல்லாம் இரண்டாவது வகை.

ஸ்கிரீன்ஷாட் எடுப்பதிலும் முறை உண்டு

பணம் போனதும் வரும் பெரிய டிக் திரையை எடுக்காதீர்கள். அது அழகுக்கு. கொஞ்சம் பொறுத்து, அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டு உள்ளே போய், விவரங்கள் முழுதாக விரிந்த பக்கத்தை எடுங்கள். அதில் பன்னிரண்டு இலக்க எண் தெரிய வேண்டும். கூகுள் பேயில் அது `UPI transaction ID` என்று இருக்கும், போன்பேயில் `UTR` என்று இருக்கும். அதே பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து வேறொரு நீண்ட எண்ணும் இருக்கும். அது அந்த ஆப் நிறுவனத்தின் உள்கணக்கு. வங்கியில் கேட்பது பன்னிரண்டு இலக்கத்தைத்தான். படத்தை வெட்டிச் சுருக்க வேண்டாம். வெட்டும்போது மேலே தேதியோ கீழே எண்ணோ போய்விடுகிறது, பிறகு அதுதான் தேவைப்படுகிறது.

`Pending` என்று இருந்தாலும் எடுத்து வையுங்கள், ஆனால் உடனே மறுபடி பணம் போடாதீர்கள். கணக்கில் கழிந்து, எதிர்பக்கம் போய்ச் சேராத யுபிஐ பணம், ஆளுக்கு ஆள் அனுப்பியதானால் அடுத்த நாளுக்குள்ளும், கடைக்கு அனுப்பியதானால் ஐந்து நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும் என்று 2019-இல் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதைக் கேட்கும்போது முதலில் நீட்ட வேண்டியது அந்தப் பன்னிரண்டு இலக்கம்.

இந்தப் படங்களைப் பொதுவெளியில் போட்டுப் புகார் சொல்லாதீர்கள். பிஎன்ஆரையும் பரிவர்த்தனை எண்ணையும் பார்த்துவிட்டு, "பணம் திருப்பித் தருகிறோம்" என்று போன் செய்யும் கும்பல் காத்துக்கொண்டிருக்கிறது.

காப்பு எடுப்பது

எல்லாம் கூகுளில் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்த இடத்தை மட்டுமாவது கவனித்துப் படியுங்கள். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் போட்டோஸ் காப்பெடுப்பது கேமராவில் எடுத்த படங்களை. ஸ்கிரீன்ஷாட் தனி ஃபோல்டரில் இருக்கிறது, அதை நீங்கள் தனியாகச் சேர்க்க வேண்டும். போட்டோஸ் ஆப்பைத் திறந்து, மேலே வலது மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, `Photos settings` போய், `Backup` என்பதை இயக்குங்கள். அதற்குள்ளேயே `Back up device folders` என்று இருக்கும். அதில் `Screenshots` எதிரில் உள்ள பொத்தானைத் தள்ளுங்கள். ஆனதா என்பதைப் போனிலேயே பார்த்து நம்ப வேண்டாம். வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ photos.google.com திறந்து, நேற்றைய ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கிறதா என்று பாருங்கள். என் கடையில் இந்தச் சோதனையைச் செய்தவர்களில் பலருக்கு அந்த இடம் காலியாக இருந்தது.

இலவச இடம் 15 ஜிபி, ஜிமெயிலும் டிரைவும் அதிலேயே பங்கு. கல்யாண வீடியோவெல்லாம் ஏறி நிரம்பிவிட்டால் காப்பெடுப்பு நின்றுவிடும், ஆனால் போன் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்று, போட்டோஸ் ஆப்புக்குள் ஒரு படத்தை அழித்தால் கூகுளில் இருக்கும் பிரதியும் சேர்ந்தே போகும். காப்பெடுத்த படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் மீட்டால் உண்டு.

ரசீது பிடிஎஃப்களுக்கு இந்த வழி உதவாது. அவை `Download` ஃபோல்டரில் கிடக்கும், போட்டோஸ் அவற்றைத் தொடாது. கூகுள் டிரைவ் ஆப்பில் கூட்டல் குறியைத் தொட்டு, ஒரு ஃபோல்டர் உருவாக்கி, நீங்களே `Upload` செய்ய வேண்டும். ஏற்றும்போது பெயரை மாற்றிவிடுங்கள். `receipt(3).pdf` என்று பத்து கோப்புகள் இருந்தால் எதைத் திறப்பது? நான் இப்படி வைக்கிறேன்:

```
2024-11 பயிர்க்காப்பீடு சித்தப்பா.pdf
2025-01 வீட்டுவரி அம்மா வீடு.pdf
```

வருடமும் மாதமும் முதலில் இருப்பதால் தானாக வரிசையாகிவிடும். கடவுச்சொல் கேட்கும் வங்கி பிடிஎஃப் என்றால், கடவுச்சொல்லையே எழுதாமல், பிறந்த தேதியா, பெயரின் முதல் நான்கு எழுத்தா என்ற குறிப்பை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பி வைப்பது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. எடுத்துக் காட்டச் சுலபம், மறுக்கவில்லை. ஆனால் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், சின்ன எழுத்துகள் மங்கும், டாக்குமென்டாக அனுப்புங்கள். போனில் இடம் போதவில்லை என்று கோப்பை அழித்துவிட்டால் சில மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் அது திறக்காமல் போகலாம். அதனால் அது கைப்பை மாதிரி, பீரோ மாதிரி அல்ல.

எல்லாம் போய்விட்டால்

போன் வாய்க்காலில் விழுந்தது, ஸ்கிரீன்ஷாட் எதுவும் இல்லை என்று போன மாதம் ஒரு அக்கா வந்தார். மகளின் தேர்வுக் கட்டணம் கட்டியது கணக்கில் ஏறவில்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம். வங்கியில் அந்த மாதத்து ஸ்டேட்மென்ட்டை பிடிஎஃப்பாக வாங்கச் சொன்னேன். அதில் யுபிஐ வரிகளில் தொகையும் தேதியும் ஒத்துப்போகும் வரியைத் தேடினோம். நடுவில் பன்னிரண்டு இலக்கம் அப்படியே இருந்தது. அந்த வரி உள்ள பக்கத்தில் வங்கியின் முத்திரை வாங்கிக்கொண்டு போனார். கல்லூரி அலுவலகத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடியதில், பணம் வந்திருக்கிறது, மகளின் பதிவு எண் இல்லாமல் பொதுக் கணக்கில் கிடக்கிறது என்று தெரிந்தது. அரை மணி நேரத்தில் ரசீது போட்டுக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வரும் வழியில் என் கடைக்கு வந்து, அதை ஸ்கேன் செய்து டிரைவில் ஏற்றச் சொன்னார்.